விழா மலரில் புகைப்படக்காரருக்கும் எடிட்டருக்கும் ஒரு வரிதானா?

தாழ்வாரம் | 3 மார்ச், இரவு 9.40

எங்கள் கல்லூரியின் நூற்றாண்டு விழா போன மாதம் முடிந்தது. விழா மலரில் நன்றிப் பக்கம் என் தலையில். எனக்கு வந்த வரைவில் பந்தல், சமையல், ஒலிபெருக்கி, பேருந்து எல்லாம் வந்த பிறகு "மற்றும் புகைப்பட, வீடியோ கலைஞர்களுக்கும்" என்று முடித்திருக்கிறார்கள். யார் எடுத்தார் என்று பெயர் கிடையாது. எடிட் செய்தவர் பெயரும் கிடையாது. மலரில் பாதிப் பக்கம் அவர்கள் எடுத்த படம்தான்.

இது போதாது என்பது என் கட்சி. குழுவில் மற்றவர்கள் "எல்லாருக்கும் ஒரு வரிதானே" என்கிறார்கள். என்ன எழுதலாம்? ஸ்டூடியோ பெயரா, ஆள் பெயரா? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்ஷன் பேப்பர் | 3 மார்ச், இரவு 10.05

பில் கொடுத்தார்கள், பணம் கொடுத்தோம். சமையல் மாஸ்டர் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினார், அவர் பெயர் மலரில் வருகிறதா? மூன்று மணி நேரம் நடந்த விழா. வீடியோ இன்னும் கைக்கு வரவில்லை. அதற்கு நன்றி வேறு.

மேட்டுத்தெரு | 3 மார்ச், இரவு 10.22

சரியாகச் சொன்னீர்கள் சார். என் தங்கை கல்யாண ஆல்பம், அவள் பையனுக்கு மொட்டை அடிக்கும்போதுதான் வந்தது. அதிலும் மாமனார் வீட்டுப் பந்தியே இல்லை. அட்வான்ஸ் முழுதும் வாங்கிவிட்டார்கள். இதற்கு நுகர்வோர் நீதிமன்றத்தில் கேஸ் போடலாமா?

தாழ்வாரம் | 3 மார்ச், இரவு 10.30

நான் புகார் எழுதவில்லை, நன்றி எழுதுகிறேன் தம்பி. ஆல்பத்துக்குத் தனியாக ஒரு இழை தொடங்குங்கள்.

வெட்டி ஒட்டி | 4 மார்ச், அதிகாலை 1.15

எடிட்டர்தான் நான். உங்கள் விழாவை நான் செய்யவில்லை, ஆனால் இதே மாதிரி விழாக்கள்தான் எனக்குச் சோறு. மூன்று மணி நேர விழாவுக்கு ஏன் ஒரு மாதம் என்று சார் கேட்டார். ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன், சிங்க். ஒலியையும் படத்தையும் பொருத்துவது.

மூன்று கேமரா என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மேடை ஓரம், ஒன்று நடுவில், ஒன்று அரங்கின் கடைசியில் ஸ்டாண்டில். பேச்சும் பாட்டும் மிக்ஸரிலிருந்து தனியாக ஒரு ரெக்கார்டரில் பதிவாகும். கேமராவின் சொந்த மைக்கில் விழுகிற சத்தம் எதிரொலியும் இருமலுமாகத்தான் இருக்கும், அதை வெளியே கொடுக்க முடியாது. ஆனால் பொருத்துவதற்கு அதுதான் துணை. மென்பொருள் மிக்ஸர் ஒலியையும் கேமரா ஒலியையும் பக்கத்தில் வைத்து, அலை ஒத்துப்போகிற இடத்தில் நிறுத்திவிடும். ஒரு கிளிக். இதோடு முடிந்தது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள்.

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கடைசிக் கேமரா சத்தம் வருகிற இடத்திலிருந்து 34 மீட்டர் தள்ளி இருந்தால், அதன் மைக்குக்குச் சத்தம் பத்தில் ஒரு விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். படத்துக்கு அந்தத் தாமதம் கிடையாது. மென்பொருள் ஒலியை வைத்துப் பொருத்தும்போது, அந்தக் கேமராவின் படம் பத்தில் ஒரு விநாடி முந்திப் போய் உட்கார்ந்துவிடும். நம் ஊரில் விநாடிக்கு 25 பிரேம் வைத்துத்தான் எடுக்கிறோம், ஆக இரண்டரை பிரேம். ஒலி அலையைப் பார்த்தால் எல்லாம் கச்சிதம். படத்தைப் பார்த்தால் பிழை.

பேச்சில் இது எளிதில் தெரியாது. மாணவிகள் பரதம் ஆடுகிற இடத்தில் பிடிபடும். கால் தரையில் பட்டுவிடும், தாளம் அதற்கப்புறம் கேட்கும். ஓரக் கேமராவிலிருந்து கடைசிக் கேமராவுக்கு வெட்டினால் கை ஒரு சின்னத் தாவு தாவும். அதைக் கண்ணால் பார்த்து, பிரேம் பிரேமாகத் தள்ளித்தான் சரிசெய்ய வேண்டும்.

பத்தாம் நம்பர் | 4 மார்ச், காலை 7.50

இவ்வளவு பெரிதாக்க வேண்டாம் அண்ணா. விழாவுக்கு முன்னால் எல்லாக் கேமராவிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டால் எல்லாம் தானாகப் பொருந்தும். நான் எங்கள் ஊர்த் திருவிழாவில் அப்படித்தான் செய்வேன்.

வெட்டி ஒட்டி | 4 மார்ச், காலை 8.40

ஸ்டில் படத்துக்கு நீங்கள் சொல்வது சரி, அவசியமும்கூட. வீடியோவுக்கு அது போதாது. கையால் வைக்கிற கடிகாரம் ஒரு விநாடி துல்லியம் இருந்தாலே பெரிது. எனக்கு வேண்டியது ஒரு பிரேம், அதாவது 40 மில்லி விநாடி. எல்லாக் கேமராவுக்கும் ஒரே நேரக்குறியைக் கொடுக்கும் டைம்கோடு பெட்டி வைத்தால் அது கிடைக்கும். கல்லூரி விழா பட்ஜெட்டில் அதை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது விஷயம், தொடங்கும்போது பொருந்தியது கடைசிவரை பொருந்தாது. ஒவ்வொரு கருவியும் தன் சொந்தப் படிகத்தை வைத்துத்தான் நேரம் எண்ணுகிறது. இரண்டு கருவிகளுக்கு நடுவே பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் என்பது சாதாரணம். மூன்று மணி நேரம் என்பது 10,800 விநாடி. கடைசியில் ஐந்து பிரேம் விலகியிருக்கும். வரவேற்புரையில் உதடு சரியாக அசையும், நன்றியுரையில் தெலுங்கு டப்பிங் படம் மாதிரி ஆகிவிடும். இதனால்தான் நான் முதலில் முடிவைப் பார்ப்பேன். தேசிய கீதத்தில் பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் நடுவில் எங்கெல்லாம் கைதட்டல் இருக்கிறதோ அங்கெல்லாம் நிறுத்தி மறுபடி பொருத்த வேண்டும்.

தாழ்வாரம் | 4 மார்ச், மாலை 6.10

இதைப் படித்துவிட்டு ஸ்டூடியோவுக்குப் போன் செய்தேன். அவர்கள் கேமராக்களில் ஒன்று அரை மணிக்கு ஒருமுறை தானாக நின்றுவிடுமாம். அதற்காகவே ஒரு பையன் விழா முழுதும் அதன் பக்கத்தில் நின்று மறுபடி பட்டனை அழுத்திக்கொண்டிருந்தானாம். மதியச் சாப்பாட்டுக்கும் அவன் போகவில்லை, வேறொருவர் தட்டில் கொண்டுவந்து கொடுத்தாராம். விழாவில் நான் அந்தப் பையனைப் பலமுறை கடந்து போயிருக்கிறேன். வேலையில்லாமல் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன்.

வெட்டி ஒட்டி | 4 மார்ச், இரவு 11.30

29 நிமிடம் 59 விநாடி. பழைய ஸ்டில் கேமராக்களில் பலவற்றுக்கு அந்த வரம்பு உண்டு. அரை மணிக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமரா என்று கணக்கிட்டுக் கூடுதல் சுங்கவரி போட்டார்கள், அதனால் வந்த பழக்கம். சூடேறி நிற்பது இது போதாதென்று.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொல்லை எடிட்டருக்கு ஒரு வகையில் நல்லது. அரை மணித் துண்டுகளாக வந்தால் ஒவ்வொன்றையும் புதிதாகப் பொருத்துகிறோம், விலகல் ஒரு பிரேமைத் தாண்டிச் சேராது. ஆனால் பட்டனை மறுபடி அழுத்தும் அந்த இரண்டு விநாடியில்தான் முக்கியமான ஏதாவது நடக்கும். அந்தப் பையன் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே பதிவை நிறுத்தி மறுபடி தொடங்கியிருந்தால் அவன் கெட்டிக்காரன். துண்டுகளின் நீளத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாம் 29:59 என்று இருந்தால் கேமரா நிறுத்தியது. 22, 26, 19 என்று இருந்தால் ஆள் யோசித்து நிறுத்தியிருக்கிறான்.

பென்ஷன் பேப்பர் | 5 மார்ச், காலை 6.20

அந்தப் பையனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தவர் சமையல் மாஸ்டர்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தாழ்வாரம் | 7 மார்ச், இரவு 8.15

மலருக்குப் படம் அடுக்குகிறேன். ஸ்டில் எடுத்தவர்கள் இரண்டு பேர். இருவர் படங்களையும் ஒரே ஃபோல்டரில் போட்டு நேர வரிசையில் அடுக்கினால் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பே எல்லாரும் கைதட்டுகிறார்கள். ஒருவர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார், அப்புறம் அதே பொன்னாடையைப் பெற்றுக்கொள்கிறார். ஒரு கேமராவின் கடிகாரம் பின்தங்கி இருக்கிறது என்று தெரிகிறது. எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்தாம் நம்பர் | 7 மார்ச், இரவு 8.40

இதைத்தான் அன்றைக்கே சொன்னேன்.

வெட்டி ஒட்டி | 7 மார்ச், இரவு 10.50

பத்தாம் நம்பருக்கு இந்த முறை முழு மதிப்பெண்.

இருவரும் ஒரே கணத்தை எடுத்த படம் ஒன்று தேடுங்கள். பொன்னாடை விரிகிற கணம், ரிப்பன் அறுபடுகிற கணம், இந்த மாதிரி. ஒருவர் படத்தில் இன்னொருவரின் ஃபிளாஷ் விழுந்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டின் நேரத்தையும் கழித்தால் வித்தியாசம் கிடைக்கும். விழாவின் கடைசியில் இன்னொரு ஜோடியை எடுத்து அதே வித்தியாசம்தானா என்று பாருங்கள். இல்லையென்றால் நடுவில் யாரோ பேட்டரி மாற்றும்போது கடிகாரத்தில் கைவைத்திருக்கிறார்கள். ஏழு நிமிடம் பின்தங்கி இருக்கிறது என்று வைத்தால், படத்துக்குள் பதிவான நேரத்தை மாற்றும் exiftool என்ற மென்பொருளில் அந்த ஃபோல்டருக்கு மட்டும்:

```
exiftool "-AllDates+=0:0:0 0:7:0" cam2
```

மூலப்படத்தை _original என்று தனியாக வைத்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

தாழ்வாரம் | 8 மார்ச், இரவு 9.00

வரிசை வந்துவிட்டது. ஏழு இல்லை, பதினொன்று.

படங்களை வரிசையாகப் பார்த்ததில் இன்னொன்று தெரிந்தது. முதல் புகைப்படக்காரர் மேடையை விட்டு நகரவே இல்லை. இரண்டாமவர் மேடைக்கு வரவே இல்லை. அவர் எடுத்ததெல்லாம் கூட்டத்தில் இருந்த பழைய மாணவர்கள், வாசலில் செருப்புத் தேடுகிறவர்கள், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர் தன் பழைய அலமாரியைத் திறந்து காட்டுவது. மலருக்குக் குழு தேர்ந்தெடுத்த படங்களில் மேடைப் படம்தான் அதிகம். என்னைக் கேட்டால் எண்ணிக்கையைத் திருப்பிப் போடுவேன். மேடையில் நின்றவர்கள் எல்லா விழாவிலும் நிற்கிறார்கள், அந்த ஆய்வக உதவியாளர் இனி ஒரு விழாவுக்கு வருவாரா தெரியாது.

ஆக, "புகைப்படக் கலைஞர்கள்" என்று பன்மையில் முடிக்க எனக்கு மனமில்லை. இரண்டு பேரும் வேறு வேறு வேலை செய்திருக்கிறார்கள்.

பத்தாம் நம்பர் | 8 மார்ச், இரவு 9.30

பெயர் போடுவது நீங்கள் செய்கிற தயவு இல்லை, சட்டம். படத்தின் உரிமை எப்போதும் எடுத்தவருக்குத்தான். அவரிடம் கேட்காமல் மலரில் போடவே முடியாது.

கறுப்பு கோட்டு | 9 மார்ச், மதியம் 1.10

பாதி சரி தம்பி. 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17. ஒருவர் கேட்டு, அதற்காகப் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். இங்கே கல்லூரி. ஆகவே மலரில் போட அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் உரிமை வேறு, ஆக்கியவர் வேறு. புகைப்படத்துக்கு ஆக்கியவர் என்றால் அதை எடுத்த ஆள் என்று சட்டமே சொல்கிறது. பிரிவு 57-ன்படி, உரிமை கைமாறிய பிறகும் "இது நான் எடுத்தது" என்று கேட்க அவருக்கு இடம் உண்டு. ஸ்டூடியோ முதலாளிக்கு இல்லை, பட்டனை அழுத்தியவருக்கு.

வீடியோ எடிட்டர் விஷயத்தில் கதை மாறுகிறது. வீடியோவுக்குச் சட்டத்தின் கண்ணில் ஆக்கியவர் தயாரிப்பாளர். எடிட்டர் அங்கே இல்லவே இல்லை. அவர் பெயர் வருவது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது, தாழ்வாரம் சார்.

வெட்டி ஒட்டி | 9 மார்ச், இரவு 11.55

இவ்வளவு வருடம் தொழில் செய்கிறேன், சட்டத்தில் நான் இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கரெக்‌ஷன் சொல்ல மட்டும் இரவு பன்னிரண்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

மேட்டுத்தெரு | 10 மார்ச், காலை 9.15

அக்கா, அப்படியென்றால் தங்கை கல்யாணப் படத்தின் உரிமை எங்களுக்கா? ரா ஃபைல் கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

கறுப்பு கோட்டு | 10 மார்ச், காலை 10.40

ஒப்பந்தம் என்று ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? பில்லின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாருங்கள். உரிமை உங்களுடையதாகவே இருந்தாலும், கேமராவிலிருந்து வந்த எல்லா ஃபைலையும் கொடுத்தாக வேண்டுமா என்பது வேறு சண்டை.

தாழ்வாரம் | 14 மார்ச், இரவு 10.20

வீடியோ வந்துவிட்டது. பார்த்தேன். பரதத்தில் கால் பார்த்தேன், பொருந்துகிறது. கடைசி தேசிய கீதமும் பார்த்தேன். துண்டுகளின் நீளம் என்ன என்று ஸ்டூடியோவில் கேட்டதற்குச் சிரித்தார்கள். ஆனால் பார்த்துச் சொன்னார்கள், ஒன்றுகூட 29:59 இல்லை.

இப்போது சிக்கல் வேறு. எடிட் செய்தவர் யார் என்று கேட்டேன். "வெளியே கொடுத்தோம் சார்" என்றார் முதலாளி. பெயர் கேட்டால் மழுப்புகிறார். மலரில் ஸ்டூடியோ பெயர் போதும் என்கிறார். நேரடியாகக் காரணம் கேட்டதும் உடைத்துச் சொன்னார். பெயர் வெளியே போனால் அடுத்த விழாவுக்கு ஆட்கள் எடிட்டரையே நேரில் பிடிப்பார்களாம். கேமராவும் லைட்டும் வாங்கிக் கடன் கட்டுகிறவர் அவர். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

பென்ஷன் பேப்பர் | 15 மார்ச், காலை 6.05

ஸ்டூடியோ பெயரைப் போட்டு முடியுங்கள். பணம் வாங்கியவர், பொறுப்பு ஏற்றவர் அவர். வீடியோ கெட்டுப்போயிருந்தால் திட்டு வாங்கியிருப்பவரும் அவர்தானே, வெளியூரில் உட்கார்ந்திருக்கும் எடிட்டரா?

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். நானும் வீடியோவை முழுதாகப் பார்த்தேன். பழைய முதல்வர் பேசும்போது தடுமாறி ஒரே வரியை இரண்டு தடவை படித்தார். அன்றைக்கு முன்வரிசையில் இருந்து நேரில் பார்த்தவன் நான். வீடியோவில் அந்த இடத்தில் கூட்டத்தைக் காட்டுகிறார்கள், வரி ஒரு தடவைதான் வருகிறது. யாரும் சொல்லி அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்.

வெட்டி ஒட்டி | 16 மார்ச், இரவு 12.40

அது எங்களுக்குள் ஒரு பழக்கம் சார். தடுமாறுகிற இடத்தில் கூட்டத்தின் முகம் போட்டு மூடுவோம். அந்த முகம் அதே நேரத்தில் எடுத்ததாக இருக்காது, வேறெங்கோ இருந்து தேட வேண்டும். சிரிக்காத முகமாக, போன் பார்க்காத முகமாக. சில நேரம் அந்த ஒரு முகத்துக்கு அரை மணி நேரம் போகும். உங்கள் விழாவை எடிட் செய்தவருக்கு அப்படி ஒரு முகம் கிடைத்திருக்கிறது.

பெயர் விஷயத்தில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. முதலாளி பெயர் பில்லில் இருக்கிறது, போர்டில் இருக்கிறது, வண்டியில் இருக்கிறது. எடிட்டர் பெயர் எங்கும் கிடையாது. ஆனால் முதலாளியை மீறிப் போடவும் வேண்டாம். எடிட்டருக்கு அடுத்த வேலை வராமல் போகும். எடிட்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.

தாழ்வாரம் | 18 மார்ச், மாலை 7.30

முதலாளி மூலமாகக் கேட்டாயிற்று. எடிட்டர் பெயர் போட ஒத்துக்கொண்டார், ஊரும் போன் நம்பரும் வேண்டாம் என்றார். முதலாளி அதற்குச் சரி என்றார், அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. பட்டனை அழுத்திய பையன் பெயரும் வாங்கிவிட்டேன். பக்கம் இப்படிப் போகிறது, பெயர்களை இங்கே விட்டுவிடுகிறேன்:

"மேடையில் நடந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை எடுத்தவர் … . கூட்டத்துக்குள் நடந்து நம் பழைய முகங்களைத் தேடி எடுத்தவர் … . நடுக்கேமரா முக்கியமான எந்தக் கணத்திலும் நிற்காதபடி விழா முழுதும் அதன் அருகில் நின்றவர் … . மூன்று கேமராக்களின் படத்தையும் ஒலியையும் பொருத்தி, விழாவுக்கு வராமலேயே விழாவை முழுதாகப் பார்த்த ஒரே ஆள் … . ஏற்பாடு: … ஸ்டூடியோ."

சமையல் மாஸ்டர் பெயரும் போகிறது, பென்ஷன் பேப்பர் சார்.

பென்ஷன் பேப்பர் | 18 மார்ச், மாலை 7.45

அப்படியென்றால் பந்தல்காரர்? கேட்டுவைக்கிறேன், அவ்வளவுதான்.

கறுப்பு கோட்டு | 18 மார்ச், இரவு 9.20

ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயரைப் போடுங்கள். நன்றிப் பக்கத்தை யாரும் ஸ்கேன் செய்து அனுப்பப்போவதில்லை, படத்தைத்தான் அனுப்புவார்கள்.

தாழ்வாரம் | 20 மார்ச், இரவு 10.10

இடம் பத்தாது என்று அச்சகத்தில் சண்டை. முழுப்பக்கப் படங்களுக்கு மட்டும் கீழே பெயர் போட ஒத்துக்கொண்டார்கள். மீதிக்கு ஃபைலுக்குள்ளேயே பெயர் எழுதிவைக்கலாம் என்று exiftool-இல் IPTC:By-line போட்டுப் பார்த்தேன். exceeds length limit என்று ஏதோ சொல்லிவிட்டுப் பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டது. இரண்டாமவர் பெயர் தமிழில் கொஞ்சம் நீளம்.

வெட்டி ஒட்டி | 20 மார்ச், இரவு 11.45

அந்த இடத்தில் 32 பைட்தான் கொள்ளும். தமிழில் ஒரு எழுத்துக்குறிக்கு மூன்று பைட், கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். பத்துக் குறிக்கு மேல் போனால் வெட்டிவிடும். ஃபைலுக்குள்ளேயே XMP என்று இன்னொரு இடம் உண்டு, அதற்கு அந்த வரம்பு இல்லை:

```
exiftool -XMP-dc:Creator="பெயர்" -XMP-photoshop:Credit="ஸ்டூடியோ" cam2
```

கல்லூரி தளத்தில் இந்த ஃபைலையே ஏற்றுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியது எல்லாம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்பினால் தங்கும்.

தாழ்வாரம் | 21 மார்ச், காலை 7.00

ஓடிவிட்டது, முழுப்பெயரும் வருகிறது. இரண்டு ஃபோல்டரையும் டாக்குமென்ட்டாக முன்னாள் மாணவர் குழுவில் போடுகிறேன். அதையே யாராவது படமாக ஃபார்வர்டு செய்வதை என்னால் தடுக்க முடியாது.

மேட்டுத்தெரு | 21 மார்ச், காலை 7.40

அக்கா, பில்லின் பின்பக்கம் பார்த்தேன். ஒன்றுமே எழுதவில்லை. இப்போது?